இடர் பதிவேட்டில் ஒரு பதிவு திரும்பி வந்துவிட்டது, எப்படித் திருத்தி எழுதுவது?

மாதக்கடைசி

எல்லோருக்கும் வணக்கம். நிதிப் பிரிவில் வேலை. எங்கள் ரிஸ்க் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்த ஆண்டு என் தலையில் விழுந்திருக்கிறது. மொத்தப் பதிவேடும் இடர் குழுவுக்குப் போனது. ஒரு பதிவு மட்டும் "தெளிவில்லை, மாற்றி எழுதவும்" என்ற ஒற்றை வரிக் குறிப்போடு திரும்பியிருக்கிறது. நான் வருவதற்கு முன்பே எழுதப்பட்ட பதிவு அது. அப்படியே தருகிறேன்:

> இடர்: தரவு இழப்பு / சர்வர் பழுது
> நிகழ்வாய்ப்பு: அதிகம் (4)
> தாக்கம்: அதிகம் (4)
> தணிப்பு: தினமும் பேக்கப் எடுக்கப்படுகிறது. தொடர்ந்து கண்காணிக்கப்படும்.
> பொறுப்பு: ஐடி துறை

சம்பளக் கணக்கு ஓடும் சர்வரைப் பற்றியது. எங்கள் கொள்கையில் அளவுகோல் இருக்கிறது. நிகழ்வாய்ப்பு ஓர் ஆண்டுக்கு 5%-க்குக் கீழே என்றால் 1, 5 முதல் 20 வரை 2, 20 முதல் 50 வரை 3, 50 முதல் 80 வரை 4, அதற்கு மேல் 5. தாக்கத்தில், உள் அறிக்கைகள் மட்டும் தாமதமானால் 2, ஊதியம் 3 வேலை நாளுக்கு மேல் தள்ளிப்போனால் 4.

ஒரு வரிசைக்கு மூன்று நான்கு வரிக்கு மேல் இடம் கிடையாது. இதில் எதைத்தான் தெளிவில்லை என்கிறார்கள்?

---

தர்க்கவாணன்

முதல் குறை பொறுப்பு வரிசையில். ஐஎஸ்ஓ தரப்படி ஒரு இடருக்கு ஒரே ஒரு நபர்தான் பொறுப்பாளர், துறையின் பெயரைப் போடவே கூடாது. அங்கே ஐடி தலைவர் பெயரைப் போடுங்கள். 4 × 4 = 16, சிவப்புக் கட்டம், சரிதான். "தரவு இழப்பு" என்பதை "முக்கியத் தரவுகள் இழக்கப்படும் அபாயம்" என்று கொஞ்சம் முறையாக எழுதிவிட்டால் போதும். வேலை முடிந்தது.

---

கட்டுமானன்

எங்கள் சைட்டிலும் இதே கதைதான். அடித்தளக் குழி தோண்டும்போது "மழையால் தாமதம், வாய்ப்பு அதிகம்" என்று போட்டோம். குழு கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு மழை?" சாரல் அடித்தால் வேலை நிற்காது. பம்ப் வைத்து இறைக்க முடியாத அளவு கொட்டினால்தான் நிற்கும். கடைசியில் பம்ப் திறனைத் தாண்டும் மழை என்று மாற்றினோம். உங்களுக்கும் சர்வர் அறையில் தண்ணீர் புகும் வாய்ப்பு உண்டா? இருந்தால் தரைமட்டத்திலிருந்து மேலே ஏற்றி வையுங்கள். நல்ல பம்ப் பற்றித் தகவல் வேண்டுமானால் சொல்கிறேன்.

---

மாதக்கடைசி

நன்றி கட்டுமானன், சர்வர் அறைக்குள் தண்ணீர் வர வழியில்லை. பம்ப் இப்போதைக்கு வேண்டாம் :)

---

நிழற்கணக்கு

பம்ப் தேவைப்படாது. ஆனால் கட்டுமானன் சொன்னதில் விஷயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இடர் வரி. "சர்வர் பழுது" ஒரு நிகழ்ச்சி. "தரவு இழப்பு" அதன் விளைவு. நடுவில் ஒரு சாய்கோடு போட்டு இரண்டையும் ஒட்டியிருக்கிறார்கள். ஏன் நடக்கும் என்பதும் இல்லை, நடந்தால் யாருடைய எந்த வேலை கெடும் என்பதும் இல்லை. ஐஎஸ்ஓ 31000 இடரை இலக்குகளோடு கட்டித்தான் பேசுகிறது. நிச்சயமின்மை ஓர் இலக்கை எப்படிப் பாதிக்கிறது என்பதே அங்கே இடர். உங்கள் இலக்கு சம்பளம் குறித்த நாளில் போய்ச் சேருவது. பதிவில் அந்தச் சொல்லே காணோம்.

காரணம், நிகழ்ச்சி, விளைவு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கொண்டுவாருங்கள். காரணம் இன்று உண்மையாக இருக்கும் ஒன்று. நிகழ்ச்சி நடக்கலாம், நடக்காமலும் போகலாம். விளைவு அளக்கக்கூடியது. காரணப் பகுதியில் "கூடும்" என்று வந்தால், இன்னும் அடியில் உள்ள காரணத்தைத் தேட வேண்டும் என்று அர்த்தம். நிகழ்ச்சிப் பகுதியில் "கூடும்" வராவிட்டால் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அது பிரச்சினைப் பட்டியலுக்குப் போக வேண்டியது, இடர் பதிவேட்டுக்கு அல்ல.

அதனால் சொல்லுங்கள், பேக்கப்பை எப்போதாவது திரும்ப ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா? கடந்த காலத்தில் ரீஸ்டோர் தேவைப்பட்டது எத்தனை முறை?

தர்க்கவாணன், ஒரு திருத்தம். ஐஎஸ்ஓ வழிகாட்டி 73-உம், 2022-இல் அதன் இடத்துக்கு வந்த ஐஎஸ்ஓ 31073-உம் பொறுப்பாளரைப் பற்றிச் சொல்லும்போது நபர் அல்லது அமைப்பு என்றுதான் சொல்கின்றன. ஆக "ஒரே நபர்தான், தரம் அப்படிச் சொல்கிறது" என்று குழுவில் வாதிட்டால் மடக்கிவிடுவார்கள். ஆனால் அதே வரையறை பொறுப்புக்கூறலையும் அதிகாரத்தையும் சேர்த்துக் கேட்கிறது. "ஐடி துறை" கூட்டத்துக்கு வந்து பதில் சொல்லாது. அதனால் ஒரு பதவியைப் போடுவது நல்ல நடைமுறைதான். எந்தப் பதவி என்பதில் எனக்கு உங்களோடு ஒத்துப்போகவில்லை.

---

மாதக்கடைசி

ஐடியில் கேட்டுவிட்டு வந்தேன். கடந்த 5 ஆண்டில் பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டிய நிலை 2 முறை வந்திருக்கிறது. ஒரு முறை அன்றைக்கே சரியாகிவிட்டது. மற்றொரு முறை பேக்கப் கோப்பு திறக்கவில்லை, அதற்கு முந்தைய வாரத்து நகலிலிருந்து மீட்டு, விடுபட்டதைக் கையால் ஏற்றி முடிக்க 4 வேலை நாள் ஆகியிருக்கிறது. நல்ல வேளையாக மாதத்தின் நடுப்பகுதி, சம்பளம் தப்பித்தது. சோதனை மீட்பு என்று ஒன்றை யாரும் செய்ததே இல்லை. "லாக்கில் தினமும் சக்சஸ் என்று வருகிறதே" என்கிறார்கள்.

---

ரூட்யூசர்

டேட்டாபேஸ் நிர்வாகம் என் தொழில். அந்த "சக்சஸ்" பற்றி இரண்டு வார்த்தை.

பேக்கப் ஜாப், தனக்குக் கொடுத்த வேலையைப் பிழைச்செய்தி இல்லாமல் முடித்தது என்பதைத்தான் லாக் சொல்கிறது. சரியான டேட்டாபேஸை எடுத்ததா, கோப்பு முழுசாக இருக்கிறதா, என்க்ரிப்ஷன் சாவி வேறு இடத்திலும் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சாவியை அதே சர்வரில் வைத்துவிட்டு, சர்வர் போனதும் பேக்கப்பைத் திறக்க முடியாமல் நிற்பது எங்கள் தொழிலில் அடிக்கடி கேள்விப்படும் சமாசாரம்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் தளத்தில் நடந்ததைப் படியுங்கள். ஒரு பொறியாளர் தவறுதலாக உற்பத்தி டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப் முறைகள் பல இருந்தன. ஆனால் டம்ப் எடுக்கும் கருவி, டேட்டாபேஸ் பதிப்போடு பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்கள் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்னால் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். மீட்புச் சோதனை ஏன் தவறாமல் நடக்கவில்லை என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட காரணம், அதற்கு யாரும் பொறுப்பாக இல்லை என்பது.

உங்கள் பதிவின் கடைசி வரி ஞாபகம் வந்தது.

---

செல்லாக்காசு

இடர் பதிவேட்டை யார் படிக்கிறார்கள்? ஆண்டுக்கு ஒருமுறை ஆடிட்டர் வருவார், நிறம் பார்ப்பார், போவார். போன ஆண்டு கோப்பில் தேதியை மட்டும் மாற்றிக் கொடுக்கிற நிறுவனங்கள் எனக்குத் தெரியும். நீங்கள் இங்கே ஒரு வாக்கியத்துக்கு நாலு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

---

நிழற்கணக்கு

செல்லாக்காசு, படிக்க முடியாதபடி எழுதியிருந்தால் யாரும் படிக்கத்தான் மாட்டார்கள். இங்கே குழு படித்ததால்தானே திரும்பி வந்தது.

மாதக்கடைசி, இப்போது வாக்கியம் தானாக வருகிறது:

> காப்பு நகல்களை மீட்டெடுத்துச் சோதிக்கும் நடைமுறை இல்லாததால், ஊதியத் தரவுத்தளம் பழுதடையும்போது மீட்பு தோல்வியுறக்கூடும். அதனால் அம்மாத ஊதியம் 3 வேலை நாட்களுக்கு மேல் தாமதமாகும்.

இதில் கவனிக்க வேண்டியது, "சர்வர் பழுது" இங்கே தலைப்பே இல்லை. பழுது எங்கும் வரும். உங்களிடம் மட்டும் இருக்கும் ஓட்டை, சோதிக்கப்படாத மீட்பு. தணிப்பும் அந்த ஓட்டையை நோக்கித்தான் போக வேண்டும்.

"தினமும் பேக்கப் எடுக்கப்படுகிறது" என்பதைத் தணிப்பு வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். அது இன்று இருக்கும் கட்டுப்பாடு. மதிப்பெண் போடும்போதே அதைக் கணக்கில் எடுத்தாயிற்று. அதையே தணிப்பு என்று மறுபடி காட்டினால் ஒரே காசை இரண்டு முறை செலவழித்த மாதிரி. "தொடர்ந்து கண்காணிக்கப்படும்" என்பதோ ஒருபோதும் முடியாத வேலை. முடியாத வேலையைச் செய்யவில்லை என்று யாரையும் கேட்கவும் முடியாது.

---

தர்க்கவாணன்

வாக்கியம் நன்றாக இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன். நிகழ்வாய்ப்பு? 5 ஆண்டில் 2 முறை என்றால் ஆண்டுக்கு 40%. அளவுகோலில் 3. தாக்கம் 4. ஆக 12.

---

நிழற்கணக்கு

பெரும்பாலான பதிவேடுகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். 40% எதனுடைய நிகழ்வாய்ப்பு? பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டிய நிலை வருவதற்கு. 4 எதனுடைய தாக்கம்? ஊதியம் மூன்று நாளுக்கு மேல் தள்ளிப்போவதற்கு. இரண்டும் ஒரே சம்பவம் அல்ல. அடிக்கடி நடக்கும் சின்ன நிகழ்ச்சியின் நிகழ்வாய்ப்பையும், எப்போதோ நடக்கும் பெரிய விளைவின் தாக்கத்தையும் பெருக்கினால், எங்கும் நடக்காத ஒரு பயங்கரம் பதிவேட்டில் உட்கார்ந்துகொள்ளும். கட்டுமானன் சொன்னதும் இதுதானே. சாரலின் வாய்ப்பையும் பெருமழையின் சேதத்தையும் ஒன்றாகப் போட்டால் கணக்கு தப்பும்.

உங்கள் எண்களை வைத்தே போட்டுப் பார்ப்போம். மீட்பு தேவைப்படுவது ஆண்டுக்கு 0.4. மீட்பு சொதப்புவது, 2-இல் 1, அதாவது 0.5. பெருக்கினால் 0.2. அதாவது நீண்ட முடக்கம் வர ஆண்டுக்கு 20% வாய்ப்பு. ஆனால் அது சம்பளத்தைத் தொட வேண்டுமானால் சம்பளக் கோப்பு வங்கிக்குப் போகும் முன் உள்ள சில நாட்களில் விழ வேண்டும். அந்தக் காலம் எவ்வளவு?

---

மாதக்கடைசி

கடைசி 5 நாட்கள். அதற்கு முன்னால் விழுந்தால் சமாளித்துவிடலாம், அந்த நான்கு நாள் முடக்கத்தில் நடந்ததும் அதுதான்.

---

நிழற்கணக்கு

30 நாளில் 5 என்றால் ஆறில் ஒன்று. 0.2-ஐ 6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3%. உங்கள் அளவுகோலில் 1. 1 × 4 = 4.

மாதத்தின் மற்ற நாட்களில் விழும் முடக்கம் தனிக் கதை. உள் அறிக்கைகள் தாமதமாகும், தாக்கம் 2. அதன் நிகழ்வாய்ப்பு 20-க்குச் சற்றுக் கீழே, ஆக 2. பெருக்கினால் அதுவும் 4.

---

செல்லாக்காசு

அற்புதம். 16 இருந்தது 4 ஆகிவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு வேலையும் நடக்கவில்லை. சிவப்பைப் பச்சையாக்கும் கலை என்று இதற்கு வகுப்பே நடத்தலாம்.

---

ரூட்யூசர்

கிண்டலாகச் சொன்னாலும் இந்த முறை செல்லாக்காசு பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்த 3%-இல் எனக்கு இரண்டு சந்தேகம்.

ஒன்று, ஆறில் ஒன்று என்ற கணக்கு, பழுது மாதத்தின் எந்த நாளிலும் சமமாக விழும் என்று எடுத்துக்கொள்கிறது. சர்வர் அப்படி நடந்துகொள்ளாது. மாதக் கடைசியில்தான் சம்பளக் கணக்கு ஓடும், எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள், லாக் கோப்பு வீங்கி டிஸ்க் நிரம்பும். ஆபத்தான நாட்களும் பழுது வரக்கூடிய நாட்களும் ஒன்றாகவே வரும். தனித்தனியானவை போல அவற்றைப் பெருக்கக் கூடாது.

இரண்டாவது இன்னும் முக்கியம். தாமதத்துக்குத்தான் அந்த 5 நாள் வரம்பு பொருந்தும். தரவு திரும்ப வரவே இல்லை என்றால்? மிகைநேரப் பதிவு, விடுப்புக் கணக்கு எல்லாம் அந்த சர்வரில் மட்டும் இருந்தால், மாதம் பத்தாம் தேதி போனாலும் அந்த மாதச் சம்பளம் சிக்கல்தான். போன முறை முந்தைய வாரத்து நகல் இருந்ததால் தப்பித்தீர்கள். அந்த நகலும் அதே இயந்திரத்தில்தான் இருக்கிறதா?

---

மாதக்கடைசி

கேட்டேன். தினசரி நகல் அதே கட்டடத்தில் உள்ள ஸ்டோரேஜில். வாராந்தர நகல் வேறு இடத்துக்குப் போகிறது. வருகைப் பதிவு தனிக் கருவியில் இருக்கிறது, அங்கிருந்து மறுபடி எடுக்கலாம். மிகைநேர ஒப்புதல் மட்டும் இந்த சர்வரில்தான். ஆனால் ஒப்புதல் மின்னஞ்சல்கள் இருக்கின்றன, சிரமப்பட்டால் தொகுக்கலாம்.

---

நிழற்கணக்கு

ரூட்யூசரின் இரண்டு கேள்வியும் சரி. மாதக்கடைசி நெரிசலைச் சேர்த்தால் ஆறில் ஒன்று என்பது மூன்றில் ஒன்றாகலாம். அப்படியானால் ஏறத்தாழ 7%, மதிப்பெண் 2. இதை நிரூபிக்க நம்மிடம் எதுவும் இல்லை. 2 சம்பவத்தை வைத்து 0.5 என்று சொன்னதும் மெல்லிய ஆதாரம்தான். நான் 2 போட்டு, அடியில் "கடந்த 5 ஆண்டில் 2 மீட்புகளில் 1 தோல்வி, மாதக்கடைசிச் சுமை கருதப்பட்டது" என்று அடிப்படையையும் எழுதுவேன். அடுத்த ஆண்டு வருபவர் எண்ணோடு சண்டை போடலாம், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்காது.

செல்லாக்காசுக்கு: எண் குறைந்ததற்குக் காரணம், முதல் 16 எதையும் அளக்கவில்லை. "அதிகம்" என்ற சொல்லை நம்பிப் போட்டது. இந்தச் சொற்கள் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1951-இல் யூகோஸ்லாவியாவின் மேல் படையெடுப்பு வருமா என்று அமெரிக்க உளவுத்துறை ஓர் மதிப்பீடு எழுதியது. அதில் வந்த சொல் "குறிப்பிடத்தக்க சாத்தியம்" என்ற பொருள்படும் ஒன்று. அந்த மதிப்பீட்டு அலுவலகத்தில் இருந்த ஷெர்மன் கென்ட் பிறகு அதை எழுதிய குழுவினரிடமே என்ன விகிதத்தை மனதில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். ஒருவர் 20-க்கு 80 என்றார், இன்னொருவர் 80-க்கு 20 என்றார். ஒரே தாளில் கையெழுத்திட்டவர்கள்! 1964-இல் அவரே இதைக் கட்டுரையாக எழுதினார். உங்கள் குழுவிலும் "அதிகம்" என்பதற்கு ஆளுக்கு ஒரு எண் இருக்கும்.

---

தர்க்கவாணன்

அப்படியானால் 2 × 4 = 8. எங்கள் அலுவலகத்தில் 8 என்றால் மஞ்சள், காலாண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 4 × 2 என்று இருந்தாலும் அதே 8, அதே கவனிப்பு. பெருக்குவதில் உள்ள வசதியே இதுதான்.

---

நிழற்கணக்கு

அதுதான் வசதிக்குறைவும். அடிக்கடி வரும் சின்னத் தொல்லையும், அரிதாக வரும் சம்பளத் தடையும் ஒரே 8-இல் ஒளிந்துகொள்கின்றன. 1 முதல் 5 வரையிலான எண்கள் வரிசையைத்தான் காட்டுகின்றன. தாக்கம் 4 என்பது 2-ஐப் போல இரண்டு மடங்கு என்று யாரும் அளந்து வைக்கவில்லை. 25 கட்டத்தில் பெருக்கினால் கிடைப்பதே 14 வெவ்வேறு எண்கள்தான். இடர் ஆய்வாளர் டோனி காக்ஸ் 2008-இல் இந்தக் கட்டங்களின் குறைகளைப் பற்றிக் கணிதமாகவே எழுதியிருக்கிறார். கொள்கை பெருக்கச் சொன்னால் பெருக்குங்கள், வேறு வழியில்லை. ஆனால் தாக்கம் 4 அல்லது அதற்கு மேல் உள்ளதை, பெருக்கல் என்ன வந்தாலும், தனியாகப் பார்க்கும்படி குழுவிடம் கேளுங்கள்.

---

தர்க்கவாணன்

இதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொருவரும் விதிவிலக்குக் கேட்டால் வரிசைப்படுத்தவே முடியாது. குறைகள் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் இருப்பதில் மதிப்பு உண்டு. சரி, பொறுப்பாளர் விஷயத்துக்கு வாருங்கள். ஐடி தலைவர் இல்லை என்றால் வேறு யார்?

---

நிழற்கணக்கு

சம்பளம் தாமதமானால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? நிதித் தலைவர். மீட்புச் சோதனைக்குத் தனி சர்வர் வாங்கப் பணம் ஒதுக்குவதும், இன்னும் ஓர் ஆண்டு இப்படியே ஓட்டலாம் என்று இடரை ஏற்றுக்கொள்வதும் அவர் கையில். தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001-ம் எஞ்சும் இடரைப் பொறுப்பாளர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றே கேட்கிறது. ஐடி தலைவர் நிதித் துறையின் வலியை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவது நியாயமில்லை. அவர் செய்ய வேண்டியது வேலை. அதனால் இடருக்குப் பொறுப்பு நிதித் தலைவர், சோதனை என்ற செயலுக்குப் பொறுப்பு டேட்டாபேஸ் நிர்வாகி. பிரின்ஸ் 2 என்ற திட்ட மேலாண்மை முறையிலும் இடரைத் தாங்குபவர், செயலைச் செய்பவர் என்று இரண்டு பங்கு தனித்தனியாக உண்டு. பதிவேட்டில் ஒரு வரிசைதான் இருக்கிறது என்றால் செயல் வரியின் முனையிலேயே பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

---

மாதக்கடைசி

எங்கள் நிதித் தலைவர் ஒப்புக்கொள்ளமாட்டார். "எனக்கு சர்வரைப் பற்றி ஒன்றும் தெரியாது, என் பெயர் ஏன்?" என்பார். நூற்றுக்கு நூறு.

---

ரூட்யூசர்

அவரிடம் சர்வரைப் பற்றிப் பேசாதீர்கள். மாதக் கடைசியில் சர்வர் போய்விட்டால், போன மாத நிகரச் சம்பளக் கோப்பையே வங்கிக்கு அனுப்பிவிட்டு அடுத்த மாதத்தில் வித்தியாசத்தைச் சரிசெய்ய யார் உத்தரவு போடுவார் என்று கேளுங்கள். ஐடி தலைவரால் அந்த உத்தரவைப் போட முடியாது. அது அவருடைய முடிவு.

தணிப்பில் இதையும் சேர்க்கலாம். நான் செய்யச் சொல்லும் சோதனை, மீட்பு தோற்கும் வாய்ப்பைக் குறைக்கும். போன மாதக் கோப்பு, மீட்பு தோற்றாலும் தாக்கத்தைக் குறைக்கும். இரண்டும் வெவ்வேறு எண்ணைத் தொடுகின்றன, ஒரே வரியில் குழைக்காதீர்கள். அந்தக் கோப்பு சம்பள சர்வருக்கு வெளியே இருக்க வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமா?

சோதனை என்றால் பேக்கப் கோப்பைத் திறந்து பார்ப்பது அல்ல. வேறு சர்வரில் முழுசாக மீட்க வேண்டும். சாவியை வெளியே வைத்த இடத்திலிருந்து எடுத்து வர வேண்டும். பிறகு முடிந்துபோன ஒரு மாதத்தின் சம்பளத்தை அதில் ஓட்டி, மொத்தத் தொகை அந்த மாதம் வங்கிக்குப் போன தொகையோடு பைசா பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வைக்க வேண்டும். அந்த நேரம் 3 வேலை நாளைத் தாண்டினால், மீட்பு வெற்றியாக இருந்தாலும் உங்கள் இடர் அப்படியே இருக்கிறது.

---

கட்டுமானன்

நாங்கள் பம்பையும் இப்படித்தான் மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். டீசல் இல்லாமல் நின்ற பம்ப் உண்டு.

---

மாதக்கடைசி

எல்லாவற்றையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

> இடர்: காப்பு நகல்களை மீட்டெடுத்துச் சோதிக்கும் நடைமுறை இல்லாததால், ஊதியத் தரவுத்தளம் பழுதடையும்போது மீட்பு தோல்வியுறக்கூடும், அதனால் அம்மாத ஊதியம் 3 வேலை நாட்களுக்கு மேல் தாமதமாகும்.
> தற்போதைய கட்டுப்பாடு: தினசரி நகல் (அதே கட்டடம்), வாராந்தர நகல் (வேறு இடம்).
> நிகழ்வாய்ப்பு: 2 (ஓர் ஆண்டுக்குள்). அடிப்படை: 5 ஆண்டில் 2 மீட்புகள், 1 தோல்வி, மாதக்கடைசிச் சுமை கருதப்பட்டது.
> தாக்கம்: 4.
> தணிப்பு 1: தனிச் சர்வரில் முழு மீட்புச் சோதனை, காலாண்டுக்கு ஒருமுறை, முதல் சோதனை ஜூன் 30-க்குள், சான்று: ஊதியத் தொகை ஒப்பீடும் எடுத்த நேரமும். செயல்: தரவுத்தள நிர்வாகி.
> தணிப்பு 2: முந்தைய மாத நிகர ஊதியக் கோப்பைத் தனியே பாதுகாத்து, அவசரப் பட்டுவாடா ஆணையின் மாதிரிக்கு மே 31-க்குள் ஒப்புதல் பெறுதல். செயல்: ஊதியப் பிரிவு மேலாளர்.
> இடர் பொறுப்பாளர்: நிதித் தலைவர்.

---

ரூட்யூசர்

நன்று. "தினசரி நகல் (அதே கட்டடம்)" என்று வெளிப்படையாக எழுதியது பிடித்திருக்கிறது. யாராவது கேட்பார்கள், கேட்கட்டும்.

---

தர்க்கவாணன்

ஒன்று விடுபடுகிறது. தணிப்புக்குப் பிறகு எஞ்சும் இடர் எவ்வளவு? நிகழ்வாய்ப்பு 1, தாக்கம் 2 என்று இப்போதே போட்டுவிடலாம். குழு அதைத்தான் முதலில் பார்க்கும்.

---

நிழற்கணக்கு

இலக்கு என்று ஒரு வரிசை இருந்தால் அங்கே போடுங்கள். எஞ்சிய இடர் என்ற வரிசையில் வேண்டாம். செய்யாத சோதனையின் பலனை இன்றே வரவு வைக்க முடியாது. முதல் சோதனை தோற்றால், மதிப்பெண் 2-இலேயே நின்றாலும், அதன் அடியில் உள்ள 7% ஏறத்தாழ 9% ஆகிவிடும். 3-இல் 2 தோல்வி ஆகிவிடும் அல்லவா?

---

தர்க்கவாணன்

சோதனையில் வரும் தோல்வியை ஏன் உண்மைத் தோல்வியோடு சேர்க்கிறீர்கள்? சோதனையே குறை கண்டுபிடித்துச் சரிசெய்வதற்குத்தான். சரிசெய்த பிறகு வாய்ப்பு குறையத்தானே வேண்டும்?

---

நிழற்கணக்கு

சரிசெய்து, மறுபடி ஓட்டி, அது வெற்றியான பிறகு குறையட்டும். இடைப்பட்ட நாட்களில் பதிவேட்டைத் திறப்பவருக்கு எந்த எண் தெரிய வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

---

மாதக்கடைசி

இலக்கு வரிசை எங்கள் படிவத்தில் இல்லை, எஞ்சிய இடர் மட்டும்தான். இப்போதைக்கு அதிலும் 2 × 4 என்றே போட்டு அனுப்புகிறேன். நிதித் தலைவரிடம் ரூட்யூசர் சொன்னபடி அந்த உத்தரவைப் பற்றிக் கேட்டேன். "அதை நான்தான் போட வேண்டும், வேறு யாரும் போடக் கூடாது" என்றார். பொறுப்பாளர் வரிசையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சோதனைக்கு சர்வர் என்ன விலை என்று கேட்டார்.

---

செல்லாக்காசு

விலையைக் கேட்டதும் ஓடியிருப்பாரே?

---

மாதக்கடைசி

வாடகைக்கு இரண்டு நாள் எடுத்தால் போதும் என்று ஐடி சொன்னதால் ஓடவில்லை. ரூட்யூசர், உண்மையான ஊதியத் தரவை வாடகை சர்வரில் ஏற்றுவது தனியாக ஒரு இடர் இல்லையா? அதற்கும் ஒரு பதிவு எழுத வேண்டுமா?

---

ரூட்யூசர்

எழுதத்தான் வேண்டும். சோதனை முடிந்ததும் டிஸ்க்கை யார் அழிப்பார், அழித்ததற்குச் சான்று என்ன என்பதிலிருந்து தொடங்குங்கள். புது இழையில் போடுங்கள், வருகிறேன்.